எட்டரை இலட்சம் கூட, என்னத்துக்கு?

யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களுக்குக் குடிதண்ணீர் வடித்து விற்பதற்கு ஒரு ஆர்.ஓ. இயந்திரம் வாங்க முடிவுசெய்தது. ஒரு நாளைக்கு 10,000 லீற்றர், பத்து மணி நேர ஓட்டம், அதாவது மணிக்கு 1,000 லீற்றர். கடைசிச் சுற்றில் இரண்டு நிறுவனங்கள் நின்றன. எங்கள் விலை 46 இலட்சம் ரூபா. மற்றவர்களுடையது 37.5 இலட்சம். ஐந்து பேர் கொண்ட பெறுகைக் குழுவின் முன் இரண்டு பகுதியும் தனித்தனியே போய் அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டும் என்று கடிதம் வந்தது. அரசாங்கத்தின் திறந்த விலைமனுவாக இருந்திருந்தால், மனுக்களைத் திறந்த பிறகு விலையைப் பற்றி இப்படி இருந்து கதைக்கப் பொதுவாக இடம் இருந்திராது. இது சங்கம் தன் சொந்த விதிப்படி நடத்திய தெரிவு. அதனால் கதைக்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

நான் எங்கள் நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவன். குழுவின் முன் பேசியவன் எங்கள் பொறியியலாளர், முப்பது வயதுப் பொடியன். இங்கே அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன். நான் பக்கத்தில் கொப்பியோடு இருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் விலையைப் பற்றிய ஆறு நிமிடங்களும் அதற்குமுன் நாங்கள் செய்த ஆயத்தமும்தான் இந்த ஆய்வில் வருகின்றன.

முதல் தடவை நடந்தது

இதற்கு நாலு மாதத்துக்கு முன் வேறொரு இடத்தில் இதே தம்பி, இதே மாதிரி ஒரு குழுவின் முன், இதைவிடச் சிறிய இயந்திரத்துக்காகப் பேசினான். "மற்ற ஆக்களைவிட உங்கட விலை கூடவா இருக்கு" என்று ஒருவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பி வாய் திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்கு மேல். கொப்பியில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

"இல்லை சேர், அப்பிடிப் பாக்கேலாது. இப்ப டொலர் நிலவரம் உங்களுக்குத் தெரியும்தானே. சாமான் எல்லாம் வெளியில இருந்து வருது, சுங்கவரி இருக்கு, கொழும்பில இருந்து ஏத்தி இறக்கிற கூலி இருக்கு. எங்களிட்ட வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் படிச்ச ஆக்கள். மற்ற ஆக்கள் மாதிரி பூட்டிப்போட்டு ஓடுற ஆக்கள் இல்லை நாங்கள்..."

இப்படியே போய், யாரும் கேட்காமலே, "வேணுமெண்டா பத்து வீதம் குறைச்சுத் தரலாம்" என்று முடித்தான். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப முதல் சொன்னது என்ன விலை தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. வேலை போய்விட்டது.

திரும்பி வரும்போது தம்பி, "நான் சொன்னதில பொய் ஒண்டும் இல்லையே அண்ணை" என்றான். உண்மைதான். டொலரும் சுங்கமும் கூலியும் பொய்யில்லை. ஆனால் அவை எல்லாம் எங்கள் வீட்டுச் செலவு. சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டவருக்குக் கடைக்காரர் தன் மகளின் ரியூசன் காசைச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மற்ற இயந்திரத்துக்கும் அதே டொலர், அதே சுங்கம்தானே என்று கேட்டவர் மனதில் ஓடியிருக்கும். அதோடு, கேட்டது ஒரு வரி, வந்தது மூன்று நிமிடம். பதில் நீண்டுகொண்டு போகப் போக, கேள்வி தாங்கள் நினைத்ததைவிடப் பெரியது போலிருக்கிறதே என்று எதிரில் இருப்பவர்கள் எண்ணத் தொடங்குவார்கள்.

வாயில் முதலில் வரும் சொல்

சங்கத்தின் கடிதம் வந்ததும் கந்தோரில் ஒத்திகை வைத்தோம். நான் குழுவின் பொருளாளராக நடித்தேன். கைப்பேசியில் குரலைப் பதிந்தோம். ஏழு தடவை விலையைப் பற்றி விதம் விதமாகக் கேட்டேன். அந்த ஏழில் ஐந்து பதில் "இல்லை" என்று தொடங்கியது. தம்பிக்கே அது தெரியவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் முகம் மாறியது. எங்கள் பேச்சில் "இல்லை" ஒரு இழுவைச் சொல் மாதிரி. மறுக்காத இடத்திலும் வாயில் வந்துவிடும். "இல்லை, நீங்கள் சொல்லுறது சரி" என்றுகூடச் சொல்வோம். ஆனால் விலையைக் கேட்டவர் காதில் அது மறுப்பாகத்தான் விழும்.

இரண்டாவதாகக் கேட்டது வேகம். இயந்திரத்தின் வேலையை விளக்கும்போது ஆறுதலாகப் பேசுகிறவன், விலை என்றதும் ஓட்டமெடுத்தான். வசனத்தின் முடிவில் குரல் மேலே போனது, அனுமதி கேட்பதுபோல. இதை மாற்ற நாங்கள் கண்ட வழி மிகச் சின்னது. கேள்வி முடிந்ததும் மூச்சை வெளியே விட வேண்டும், உள்ளே இழுக்கக் கூடாது. இழுத்த மூச்சோடு தொடங்கினால் அந்தக் காற்று தீரும்வரை வேகமாகப் பேசத்தான் வரும். பிறகு, முதல் வசனம் எப்போதும் ஒன்றே. கேட்டவர் சொன்ன இலக்கத்தை அப்படியே திருப்பிச் சொல்லி "ஓம்" போடுவது. "ஓம் அம்மா, எட்டரை இலட்சம் கூடத்தான்." "கொஞ்சம் கூட மாதிரித் தெரியும்" என்று மழுப்பக் கூடாது. இலக்கத்தைத் தானே வாயால் சொல்லிவிட்டால் பிறகு ஒளிக்க ஒன்றும் இருக்காது. குரலும் தன்பாட்டில் இறங்கும்.

மூன்றாவது விசயம் கணக்கு. அதில் என் பக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. நான் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வருசத்துக்கு 300 நாள், நாளுக்கு 10,000 லீற்றர், ஐந்து வருசத்தில் ஒன்றரைக் கோடி லீற்றர். எட்டரை இலட்சத்தை அதால் பிரித்தால் லீற்றருக்கு ஆறு சதம்கூட வராது. கணக்கு சரி, எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் பொருளாளராக நடித்துக்கொண்டு அதைக் காதால் கேட்டபோது எனக்கே எரிச்சல் வந்தது. சங்கம் காசோலை எழுதுவது இண்டைக்கு. ஐந்து வருசத்துக்குச் சதம் சதமாகக் கட்டப் போவதில்லை. பெரிய தொகையைத் தூளாக்கிக் காட்டுவது தவணைக்குச் சாமான் விற்பவர்களின் வேலை என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் உடனே தெரியும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டோம்.

தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுதல்

உண்மையான சிக்கல் இதுதான்: மற்றவர்களின் தொகை காதில் விழுந்திருந்தது, ஆனால் அந்தத் தொகைக்குள் என்ன சாமான் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாத இயந்திரத்தைவிட எங்களுடையது எதனால் நல்லது என்று சொல்லப் போனால் ஊகம்தான் வரும். ஊகத்தைப் பிடித்துக்கொண்டு பேசினால் குரலில் அது தெரியும், மற்றவரைக் குறை சொல்வதாகவும் முடியும்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டோம். எங்கள் இயந்திரத்தையே நாங்கள் 37.5 இலட்சத்துக்குச் செய்து கொடுப்பதென்றால் எதையெதை எடுக்க வேண்டும்? இதற்குப் பதில் எங்கள் கையிலேயே இருந்தது. மூன்று பகுதி வந்தது. உப்புப் படியாமல் மருந்து விடும் பம்பும் முன்வடிகட்டலும் 2.1 இலட்சம். தண்ணீரிலிருந்து உப்பை வடிக்கும் ஆறு மெம்பிரேனில் இரண்டைக் குறைத்து, அழுத்தப் பம்பையும் சிறிதாக்கினால் 4.1 இலட்சம். இரண்டு வருசத்துக்கு மாதம் ஒரு தரம் ஆள் வந்து பார்க்கும் பராமரிப்பு, 24 வருகை, 2.4 இலட்சம். கூட்டினால் 8.6. இதை எடுத்தால் இயந்திரம் ஓடாதா? ஓடும். தண்ணீரும் வரும். முதல் நாள் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதையும் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தோம். தம்பி முதலில் தயங்கினான்.

பிறகு, அந்த மூன்றில் எதை விரித்துச் சொல்வது என்று பார்த்தோம். சங்கம் தன் கிணற்றுத் தண்ணீரை ஏற்கெனவே சோதித்து அறிக்கை வைத்திருந்தது. கடினத்தன்மை லீற்றருக்கு 620 மில்லிகிராம். குடாநாடும் தீவகமும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மேல் இருப்பவை, வருசம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை, கிணறெல்லாம் நிலத்தடி நீர். எனவே அந்த அளவு அதிசயம் இல்லை. ஆனால் ஆர்.ஓ. இயந்திரத்தில் அதற்கு ஒரு விளைவு உண்டு. உள்ளே போகும் 100 லீற்றரில் 60 லீற்றர் நல்ல தண்ணீராக வெளியே வந்தால், மிச்ச 40 லீற்றருக்குள்தான் அந்த முழுச் சுண்ணாம்பும் நெருங்கி நிற்கும். அதாவது இரண்டரை மடங்கு, லீற்றருக்கு 1,550 மில்லிகிராம் அளவில். மெம்பிரேனின் கடைசிப் பகுதியில் அது கல்லாகப் படியத் தொடங்கும். மருந்து விடுவது அதைப் பிந்தவைக்க. மெம்பிரேனை ஆறாக்குவது ஒவ்வொன்றிலும் வலிந்து இழுக்கும் தண்ணீரைக் குறைக்க. நாலு என்றால் ஒவ்வொன்றும் மணிக்கு 250 லீற்றர் தர வேண்டும், ஆறு என்றால் 167 அளவு போதும். கிணற்று நீருக்கு நாலு அங்குல மெம்பிரேன் ஒன்றிடம் 250 கேட்பது கொஞ்சம் கடுமைதான்.

இவ்வளவையும் குழுவில் சொல்லவே கூடாது. தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. சொல்வதற்கு ஒரு கேத்தில் போதும் என்று நினைத்தோம்.

அன்றைய ஆறு நிமிடம்

பண்ணைப் பாலத்தால் போகும்போது தம்பி ஒன்றும் கதைக்கவில்லை. சங்க மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் பலமாக இருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், எல்லோருக்கும் அவர் "சேர்". பொருளாளர் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். கடற்றொழிலாளர் பக்கத்திலிருந்து ஒரு ஐயா, மாதர் பிரிவிலிருந்து ஒரு அக்கா, வெளியிலிருந்து கூப்பிட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்.

விளக்கம் முடிகிற நேரத்தில் அம்மா பேனையைத் தாளில் ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, மற்ற ஆக்கள் முப்பத்தேழரைக்குத் தாறம் எண்டினம். நீங்கள் நாப்பத்தாறு போட்டிருக்கிறியள். எட்டரை இலட்சம் கூட. என்னத்துக்கு?"

தம்பி கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தான். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தான்.

"ஓம் அம்மா, எட்டரை இலட்சம் கூடத்தான். அவையின்ர மெசினுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது, அதால அதைப் பற்றிக் கதைக்கேலாது. எங்கட மெசினை நானே முப்பத்தேழரைக்குச் செய்து தாறதெண்டா மூண்டு சாமான் எடுக்க வேணும். சுண்ணாம்பு படியாமல் மருந்து விடுற பகுதி, இரண்டு இலட்சம். ரெண்டு மெம்பிரேனும் பெரிய பம்பும், நாலு இலட்சம். ரெண்டு வருசம் மாசா மாசம் வந்து பாக்கிறது, ரெண்டரை. இதுகளை எடுத்தாலும் மெசின் ஓடும், தண்ணியும் இதே தண்ணிதான் வரும்."

கடற்றொழிலாளர் ஐயா சிரித்துவிட்டார். "அப்ப எடுத்துப்போட்டுத் தாவனப்பா!"

தம்பி சிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்பில் தொங்கவில்லை. "எடுக்கலாம் ஐயா. உங்கட கிணத்து ரிப்போட்டைப் பாத்துத்தான் நாங்கள் அதைப் போட்டது. உங்கட வீட்டில தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ள வெள்ளையாப் பொருக்குப் பிடிக்குமெல்லோ. அதே பொருக்கு மெம்பிரேனுக்குள்ளயும் பிடிக்கும். கேத்திலைச் சுரண்டலாம், மெம்பிரேனைச் சுரண்டேலாது, முத்திப்போனா மாத்தத்தான் வேணும். அந்த ஆறு இலட்சமும் அதைப் பிந்தவைக்கத்தான்."

அதோடு நிறுத்தினான். இந்த இடம்தான் ஒத்திகையில் எங்களுக்குக் கூடக் கஷ்டம் தந்தது. பதில் முடிந்தபின் மேசை அமைதியாகும். அந்த அமைதியில் இன்னொரு காரணம் சொல்ல வாய் உன்னும், அதோடு கழிவும் கூட வந்துவிடும். அன்று அம்மா தாளில் மூன்று தொகையையும் எழுதிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து செக்கன் இருக்கும். தம்பி ஐந்து பேரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான்.

அம்மா நிமிர்ந்தார். "நீர் சொல்லுறது விளங்குது. ஆனா அவையின்ர மெம்பிரேனும் மூண்டு வருசம் நிண்டுதெண்டா?"

"நிண்டுதெண்டா எங்கட விலை உங்களுக்குக் கூடத்தான் அம்மா. நிக்காது எண்டு நான் சொல்லமாட்டன். ஒரு மெம்பிரேன் இண்டைக்குத் தொண்ணூறாயிரம் அளவில. நாலு எண்டா மூண்டு இலட்சத்து அறுபது. எங்களிட்டையும் அவையிட்டையும் ஒரே கேள்வியைக் கேளுங்கோ: மூண்டு வருசத்துக்குள்ள மெம்பிரேன் மாத்த வந்தா அந்தக் காசு ஆர் குடுக்கிறது? நாங்கள் குடுப்பம். எழுத்தில தாறம்."

இந்த வாக்கைக் கொடுக்க முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தோம். அந்த இடத்தில் யோசித்துக் கொடுக்கக்கூடிய வாக்கு இல்லை அது. மாதா மாதம் ஆள் போய் மருந்தும் அழுத்தமும் பார்த்தால்தான் எங்களுக்கும் கட்டும்.

பிறகு அதிபர் சேர், "ஒரு ரெண்டு இலட்சம் குறைச்சா இண்டைக்கே கதையை முடிக்கலாம்" என்றார். நாலு மாதத்துக்கு முன் விழுந்த அதே குழி. தம்பி, "குறைக்கலாம் சேர், ஆனா எதையாவது எடுக்க வேணும். ரெண்டாவது வருசப் பராமரிப்பை இப்ப வாங்காமல் விட்டா ஒண்டு இருபது குறையும். வேணுமெண்டா பிறகு எடுக்கலாம். மருந்து விடுற பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லாதேங்கோ, அது எடுத்தா நான் மெம்பிரேனுக்குப் பொறுப்பு நிக்கேலாது" என்றான். விலை இறங்கியது, கூடவே ஒரு சாமானும் இறங்கியது. அதனால் முதல் சொன்னது என்ன விலை என்ற கேள்வி அன்று எழவில்லை.

சறுக்கிய இடம்

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுதினால் பொய்யாகும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடையில், "பம்பு மட்டும் ஏன் இவ்வளவு விலை? சந்தையில அரைவாசிக்குக் கிடக்குதே" என்றார். குரலில் ஒரு குத்தல் இருந்தது. விலையைக் கேட்டால் தாங்கிக்கொண்ட தம்பிக்குத் தன் தொழிலைத் தொட்டதும் சுள்ளென்றது. "இல்லை, கடையில கிடக்கிற மலிவுச் சாமானோட இதை ஒப்பிடாதேங்கோ" என்றான். வேகமும் வந்தது, "இல்லை"யும் வந்தது. மாதர் பிரிவு அக்கா நாற்காலியில் பின்னே சாய்ந்ததை நான் கண்டேன். மேசைக்குக் கீழால் அவன் காலைத் தட்டலாமா என்று யோசித்தேன், நல்ல காலம் தட்டவில்லை.

அவனே நிறுத்தினான். "மன்னிக்கோணும், அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் எந்தப் பம்பைச் சொல்லுறியள் எண்டு நான் கேக்கேல்லை. சொல்லுங்கோ." உத்தியோகத்தர் ஒரு பெயரைச் சொன்னார். அது வீட்டுத் தாங்கிக்கு நீர் ஏற்றும் வகை. தம்பி தன் தாளில் இருந்த அழுத்த அளவைக் காட்டி, அந்த வகை இவ்வளவுக்குத் தள்ளாது என்று ஒரே வசனத்தில் சொன்னான். உத்தியோகத்தர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முதலில் கேட்டிருந்தால் மன்னிப்பே தேவைப்பட்டிருக்காது. விலையைப் பற்றி இருபது கேள்விக்கு ஆயத்தம் செய்தோம், தொழிலைச் சீண்டும் கேள்விக்கு ஒன்றும் செய்யவில்லை.

பிறகு

இரண்டு கிழமை கழித்து 44.8 இலட்சத்துக்கு வேலை கிடைத்தது, இரண்டாவது வருசப் பராமரிப்பு இல்லாமல். மெம்பிரேன் பொறுப்பு ஒப்பந்தத்தில் தனி வாசகமாக வந்தது. சங்கம் அதில் ஒரு வரி கூட்டியிருந்தது: மருந்து விட்ட அளவையும் அழுத்தத்தையும் சங்கத்தின் கொப்பியில் ஒவ்வொரு மாதமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதல் வருசத்தோடு எங்கள் வருகை முடிகிறது, பொறுப்பு மூன்று வருசம் நிற்கிறது. அந்த இடைவெளியை நான் அன்று மேசையில் இருந்தபோது பிடித்திருக்க வேண்டும். பராமரிப்பைக் குறைத்தால் பொறுப்பும் குறையும் என்று தம்பி சேர்த்துச் சொல்லவில்லை, நானும் கொப்பியில் மும்முரமாக இருந்தேன். இப்போது இரண்டாவது வருசமும் மாதா மாதம் எங்கள் செலவில் ஆள் போய்த்தான் வருகிறார்.

இந்தப் பதிலால்தான் வேலை கிடைத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் எழுதிய அன்று அம்மாவிடம் கேட்டேன். மற்றவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டாராம். "அது அப்ப பாப்பம்" என்றார்களாம். பொதுச்சபையில் ஏன் கூடின விலைக்கு எடுத்தீர்கள் என்று ஒருவர் எழும்பியபோது, வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பழைய கேத்திலின் மூடியைத் திறந்து உள்ளே காட்டியிருக்கிறார்.